கொழுந்தின் ஈரமும் விறகின் ஈரமும்

ஒரு தேயிலைத் தொழிற்சாலை சென்ற ஆண்டு 252,000 அலகு மின்சாரம் செலவழித்தது. இந்த ஆண்டு 222,000 அலகு. குறைந்தது 30,000 அலகு. அலகுக்கு 25 ரூபாய் என்று வைத்தால் ஏழரை இலட்சம் ரூபாய். இடையில் குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. மாட்டியிருந்தால் பெருமை முழுவதும் அவற்றுக்கே போய்ச் சேரும். ஆனால் சென்ற ஆண்டு 360,000 கிலோ தேயிலை செய்த தொழிற்சாலை, இந்த ஆண்டு கொழுந்து குறைந்து 300,000 கிலோதான் செய்தது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மிச்சம் ஓர் அலகுகூட இல்லை.

எப்படி என்பதைச் சொல்லும் பகுதிதான் சக்திக் கணக்காய்வு அறிக்கையின் முதல் சில பக்கங்கள். அந்தப் பக்கங்களைப் பெரும்பாலோர் புரட்டிவிட்டு, கடைசியில் உள்ள அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள்: என்ன செய்யலாம், எவ்வளவு செலவு, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும். அட்டவணை எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் முதல் பக்கங்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையை உருவாக்கியது. சக்திக் கணக்காய்வாளர்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் அதன் பொறுப்பு. நிறைய மின்சாரமும் விறகும் விழுங்குகிற சிறு தொழிற்சாலைகள் என்றால் மலைநாட்டில் முதலில் நினைவுக்கு வருவது தோட்டத்து பெக்டரிகள். பூண்டுலோயாவைச் சுற்றி ஷீன், டன்சினன் என்று தோட்டங்கள். மேலே தலவாக்கலையில் சென். கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம். இந்தக் கட்டுரையில் வரும் தொழிற்சாலை இவற்றில் எதுவும் அல்ல. இந்தப் பக்கத்து மலையில் ஓர்தொடாக்ஸ் முறையில் தேயிலை செய்யும் ஒரு சிறு தொழிற்சாலை எப்படி இருக்குமோ அந்த அளவுகளை வைத்து நான் கட்டிய கணக்கு. விலைகளும் கணக்குக்காகவே, உங்கள் பட்டியலில் உள்ள விலையைப் போட்டுப் பார்த்தால் உங்கள் தொழிற்சாலையின் விடை வரும்.

அடிக்கோட்டிலிருந்து தொடங்கலாம். இன்றைக்கு இந்தத் தொழிற்சாலை எந்த வேலைக்கு எவ்வளவு சக்தி எடுக்கிறது என்பதற்கான வாய்பாடே அடிக்கோடு. ஓராண்டின் மாத மின் பட்டியல்களையும், அதே மாதங்களில் செய்த தேயிலையின் எடையையும் எடுத்து ஒரு வரைபடத் தாளில் புள்ளிகளாக வைக்க வேண்டும். கிடைக்கோட்டில் தேயிலை, நிமிர்கோட்டில் அலகுகள். பன்னிரண்டு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டின் அருகே நிற்கும். நம் தொழிற்சாலையில் அந்தக் கோடு சொல்வது இது: மாதம் 6,000 அலகு எப்படியும் போகும், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோ தேயிலைக்கும் அரை அலகு.

அந்த 6,000தான் கவனிக்க வேண்டிய எண். கொழுந்து வந்தாலும் வராவிட்டாலும் எரியும் விளக்குகள், தண்ணீர்ப் பம்பு, அலுவலகம், பாதி நிரம்பிய தொட்டிக்கும் முழு வேகத்தில் சுற்றும் விசிறி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இதனால்தான் ‘ஒரு கிலோவுக்கு எத்தனை அலகு’ என்ற அளவு ஏமாற்றிவிடுகிறது. கொழுந்து மும்முரமாக வந்து 42,000 கிலோ செய்யும் மாதத்தில் 27,000 அலகு ஆகும், கிலோவுக்கு 0.64. வரட்சியில் 18,000 கிலோ மட்டும் செய்யும் மாதத்தில் 15,000 அலகு, கிலோவுக்கு 0.83. டீமேக்கர் ஒன்றும் தவறு செய்யவில்லை, ஒன்றும் மிச்சப்படுத்தவும் இல்லை. கொழுந்துதான் ஏறி இறங்கியது. கிலோ கணக்கை மட்டும் பார்த்து ஒரு மாதம் பாராட்டி மறுமாதம் விளக்கம் கேட்டு எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இரண்டுமே வீண்.

இப்போது முதல் கணக்குக்குத் திரும்பலாம். 300,000 கிலோ செய்த ஆண்டில் இந்தக் கோட்டின்படி எவ்வளவு போயிருக்க வேண்டும்? பன்னிரண்டு மாதத்துக்கு 72,000, அதோடு 300,000இன் பாதி 150,000, ஆக 222,000. பட்டியலில் இருந்ததும் அதே 222,000. விளக்குகள் ஏதாவது மிச்சப்படுத்தியிருந்தால், அதை வேறேதோ தின்றுவிட்டது. அது என்ன என்று தேடுவதே அடுத்த வேலை.

புள்ளிகள் கோட்டை விட்டு விலகும் மாதங்களும் பேசும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, மூட்டமும் மழையுமாக இருக்கும் மாதங்களின் புள்ளிகள் கோட்டுக்கு மேலே நின்றால் அது பழுது அல்ல. நனைந்த கொழுந்தை வாட்ட விசிறி கூடுதல் நேரம் ஓடியிருக்கிறது. நல்ல அறிக்கை மழை நாட்களையும் வாய்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும். வெயில் மாதத்திலேயே ஒரு புள்ளி மேலே நின்றால்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

கோடு எவ்வளவு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதற்குக் கொழுந்துக்குள் இருக்கும் தண்ணீரைத் தொடர்ந்து போக வேண்டும்.

பறித்த கொழுந்தின் எடையில் 78 வீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 4.4 கிலோ கொழுந்து வேண்டும். முடிந்த தேயிலையில் 3 வீத ஈரம்தான் இருக்கும். ஆகவே தேயிலை செய்வது என்பது, சக்திக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோவுக்கு மூன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை வெளியேற்றும் வேலை. அதில் 2.2 கிலோ தண்ணீர் வாட்டும் தொட்டியிலேயே போய்விடுகிறது. ரோலரில் அரைபட்டு நிறம் மாறிய பின் டிரையரில் போவது 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தீ எரிவது டிரையருக்கு என்பதால் உலர்த்தல் முழுவதும் அங்கேதான் நடக்கிறது என்று தோன்றும். உண்மையில் மூன்றில் இரண்டு பங்கை மலைக்காற்று செய்துவிடுகிறது. விசிறி செய்வது அந்தக் காற்றைக் கொழுந்துப் படுக்கையின் ஊடே தள்ளும் வேலை மட்டுமே.

அந்தக் காற்று எவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொள்ளும் என்பதை உலர் வெப்பமானிக்கும் ஈர வெப்பமானிக்கும் உள்ள இடைவெளி சொல்கிறது. இடைவெளி நான்கு பாகை இருந்தால் கொழுந்து நன்றாக வாடும். மூட்டம் இறங்கிய நாளில் அது ஒரு பாகைக்கும் கீழே போய்விடும். அப்போது அடுப்புப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சூடான காற்றைக் கலக்க வேண்டும். அந்த நாட்களில் தொட்டியும் விறகு தின்னத் தொடங்குகிறது.

நம் தொழிற்சாலையின் சக்தி இப்படிப் பிரிகிறது. 360,000 கிலோ செய்த ஆண்டில் 648 தொன் விறகு, அதாவது ஒரு கிலோ தேயிலைக்கு 1.8 கிலோ. அந்த விறகில் 45 வீதம் ஈரம். அதன் வெப்பத்தை அலகுக் கணக்குக்கு மாற்றினால் பதினாறு இலட்சம் அலகுக்கு மேல் வரும். மின்சாரமோ இரண்டரை இலட்சம். சக்தியில் 87 வீதம் விறகு, 13 வீதம்தான் மின்சாரம். பணத்தில் பார்த்தால் தலைகீழ்: அலகுக்கு 25 ரூபாய், விறகு கிலோவுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் மின்சாரத்துக்கு 63 இலட்சம், விறகுக்கு 52 இலட்சம். மாதாமாதம் ஒரே தாளில் வருவதால் மின் பட்டியல் தொரையின் கண்ணில் படுகிறது. விறகு லொறி லொறியாக, வெவ்வேறு ஆட்களிடமிருந்து, வெவ்வேறு ஈரத்தில் வருகிறது. பல அறிக்கைகள் மின்சாரத்துக்கு இருபது பக்கமும் விறகுக்கு இரண்டு பக்கமும் ஒதுக்குவதற்கு வேறு காரணம் இல்லை.

இருந்தாலும் விசிறியை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே இயற்பியல் தெளிவாகத் தெரிகிறது.

நம் தொழிற்சாலையில் எட்டு வாட்டும் தொட்டிகள். சராசரியாக ஒரு நாளில் ஐந்து நிரம்பும். ஒவ்வொன்றிலும் ஒரு விசிறி. மோட்டரின் தகட்டில் 5.5 கிலோவாற்று என்று இருக்கிறது. அவசரக் கணக்காய்வாளர் இந்தத் தகட்டு எண்ணை ஓடிய மணிகளால் பெருக்கி எழுதிவிடுவார். எல்லா இயந்திரங்களுக்கும் இப்படிச் செய்து கூட்டினால், கூட்டுத்தொகை மின் பட்டியலையே மிஞ்சிவிடும். மிஞ்சினால் அறிக்கை அங்கேயே தோற்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மானியைக் கம்பியில் மாட்டி அளந்தால் விசிறி உண்மையில் இழுப்பது 4.5 கிலோவாற்று. மோட்டரைத் தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே போடுவது வழக்கம் என்பது ஒரு காரணம். உயரம் இன்னொன்று: 1,300 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, விசிறி தள்ளும் காற்று இலேசானதால் அது இழுக்கும் வலுவும் அதே அளவு குறைகிறது.

ஒரு தொட்டியில் 14 மணி நேரம் விசிறி ஓடினால் 63 அலகு. ஐந்து தொட்டி, மாதம் 25 நாள் என்றால் ஏறத்தாழ 7,900 அலகு. மாதச் சராசரி 21,000இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த விசிறிகளுக்கே போகிறது.

விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்தோடு நேராக ஏறி இறங்கும். அது இழுக்கும் வலுவோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றும். வேகத்தை 80 வீதமாகக் குறைத்தால் காற்றும் 80 வீதமாகும், வலு 0.8ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, ஏறத்தாழ 51 வீதம். 70 வீத வேகத்தில் வலு 34 வீதம்தான். காற்றில் பத்தில் மூன்று பங்கை விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சுகிறது. வேகத்தைக் குறைக்க மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றிக் கொடுக்கும் ஒரு பெட்டி போதும், தொழிற்சாலைகளில் வி.எஃப்.டி. என்பார்கள்.

ஆனால் எப்போது குறைப்பது? கொழுந்து மடுவத்திலிருந்து வந்து தொட்டியில் பரப்பியவுடன் இலையின் மேல் ஒட்டிய நீர் போக வேண்டும், பறித்த கொழுந்து மூச்சு விட்டுக் கிளப்பும் சூடும் ஆற வேண்டும். அதற்கு முழுக் காற்று வேண்டும். பிறகு தண்ணீர் இலையின் உள்ளிருந்து மெதுவாகத்தான் வெளியே வருகிறது. காற்றை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் இலை தன் நிதானத்தில்தான் விடும். அப்போது ஓடும் முழு வேகம் வெறும் சத்தம். நம் கணக்கில் முதல் 4 மணி முழு வேகம், அடுத்த 6 மணி 80 வீதம், கடைசி 4 மணி 70 வீதம். காற்று குறைந்ததால் வாட்டம் இரண்டு மணி நீளும். அதையும் 70 வீதத்தில் சேர்க்கிறோம். பெட்டிக்குள்ளேயே இழக்கும் சில வீதத்தையும் கழித்தால், 63 அலகு ஏறத்தாழ 43 ஆகிறது. தொட்டிக்கு ஒரு நாளில் 20 அலகு மிச்சம். ஆண்டுக்கு 30,000 அலகு, ஏழரை இலட்சம் ரூபாய்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. மிக மெதுவாக்கினால் காற்று தடித்த படுக்கையின் எல்லா இடத்திலும் ஊடுருவாது. சில இடங்களில் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். ஒரு தொட்டிக் கொழுந்து கெட்டால் பல நாள் மிச்சம் போய்விடும். படுக்கையின் அடியிலும் மேலும் கையை விட்டுப் பார்க்கும் டீமேக்கரின் தீர்ப்புக்கு மேல் எந்தத் திட்டமும் இல்லை என்பதை அறிக்கை எழுதிவைக்க வேண்டும்.

மின் கட்டண நேரமும் இங்கே குறுக்கிடுகிறது. பெரிய தொழிற்சாலைகளுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரக் கட்டணம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த கட்டணம். மாலைக் கொழுந்து தொட்டிக்கு வந்து முழுக் காற்றுக் கேட்கும் நேரமும் அந்த உச்ச நேரமே. மெதுவாக்கக்கூடிய மணிகள் பெரும்பாலும் மலிவான இரவு மணிகளில் வருகின்றன. ஆகவே எல்லா அலகுக்கும் சராசரி விலையைப் போட்டு மிச்சம் காட்டுவது மிகைப்படுத்தல். கண்டிப்பான கணக்காய்வாளர் நம் ஏழரை இலட்சத்தைக் கொஞ்சம் வெட்டுவார். நான் எளிமைக்காக அப்படியே விடுகிறேன்.

எட்டுத் தொட்டிக்கும் பெட்டி போட, ஒன்றுக்கு 1.75 இலட்சம் வீதம் 14 இலட்சம். ஏழரையால் வகுத்தால் 1.9 ஆண்டு. அட்டவணையில் இந்த ஒரு வரி வரும்; எல்லோருக்கும் திருப்தி. இதைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முதல் ஐந்து தொட்டிகள் ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன. மற்ற மூன்றும் கொழுந்து மும்முரமான சில மாதங்களில் மட்டும். மிச்சமாகும் 30,000 அலகில் 27,000 முதல் ஐந்திலிருந்து வருகிறது. ஐந்துக்கு மட்டும் போட்டால் செலவு 8.75 இலட்சம், மிச்சம் 6.75 இலட்சம், ஒரு வருடமும் மூன்று நான்கு மாதமும் போதும். கடைசி மூன்றுக்குத் தனியாகப் போடும் 5.25 இலட்சம் ஆண்டுக்கு 75,000 ரூபாய்தான் கொண்டுவரும். திரும்ப ஏழு ஆண்டு. 1.9 என்ற சராசரி நல்ல முதலீட்டின் முதுகில் மோசமான முதலீட்டை ஏற்றி அனுப்பிவிட்டது. விற்பனையாளர் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளில் இது அடிக்கடி நடக்கும்.

இனி விறகு. டிரையரில் ஒரு கிலோ தேயிலைக்கு ஆவியாக்க வேண்டிய 1.2 கிலோ தண்ணீருக்கு மூன்று மெகாயூல் வெப்பம் போதும். நாம் எரிக்கும் 1.8 கிலோ விறகில் இருப்பது பதினாறு மெகாயூலுக்கு மேல். மழை நாளில் தொட்டிக்குப் போகும் சூட்டைக் கழித்தாலும், பெரும்பங்கு புகைபோக்கி வழியாகவும் அடுப்புச் சுவர் வழியாகவும் டிரையரின் வெளிக்காற்றோடும் போய்விடுகிறது.

‘விறகைக் காயவைத்து எரியுங்கள்’ என்பது எல்லா அறிக்கையிலும் வரும் வரி. அதற்கு அருகில் எழுதும் எண்ணில்தான் பெரிய பிழை நடக்கிறது. 45 வீத ஈரமுள்ள விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 9 மெகாயூல் தரும். 25 வீதத்துக்குக் காய்ந்த விறகு ஒரு கிலோ 13 மெகாயூலுக்குச் சற்று மேல் தரும். 13.27ஐ 9.08ஆல் வகுத்து, ‘காயவைத்தால் 46 வீதம் கூடுதல் வெப்பம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு தொன் ஈர விறகைக் கொட்டகையில் அடுக்கி வைத்தால், காய்ந்தபின் அது ஒரு தொன் இல்லை, 733 கிலோதான் என்பதை மறந்துவிட்டார்கள். நாம் காசு கொடுத்தது ஒரு தொன்னுக்கு. 733ஐ 13.27ஆல் பெருக்கினால் 9,730 மெகாயூல். ஈரமாக எரித்திருந்தால் 9,080. உண்மை ஆதாயம் 7 வீதம். தண்ணீரை ஆவியாக்க விறகே செலவழித்திருக்கும் வெப்பம் மட்டுந்தான் நமக்கு மீள்கிறது. மரத்துக்குள் புதிதாக ஒன்றும் சேரவில்லை.

விறகின் ஈரத்தை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஊசி குத்திப் பார்க்கும் சிறிய மானிகள் பொதுவாகக் காய்ந்த மரத்தின் எடையை அடிப்படையாக வைத்து வீதம் காட்டும். மேலே சொன்ன 25 வீதம் அந்த மானியில் 33 என்று தெரியும். 45 வீதமோ 82. தவிர ஊசி தோலுக்குக் கீழே ஒரு விரற்கடைதான் போகும். நம்பகமான வழி பழையது: கட்டையின் நடுவில் ஒரு வட்டத் துண்டு அறுத்து, எடை பார்த்து, நூறு பாகைக்குச் சற்று மேலான சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, மீண்டும் எடை பார்ப்பது.

ஏழு வீதம்தான் என்றால் கொட்டகை எதற்கு? மிச்சப் பலன் புகைபோக்கியில் இருக்கிறது. ஈர விறகு மங்கலாக எரியும், புகையும். புகையை அடக்க அடுப்புக்காரர் கதவைத் திறந்து காற்றை விடுவார். அந்தக் காற்றில் எரிதலுக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் குளிராக உள்ளே வந்து சூடாக வெளியே போகும். புகைபோக்கிக்குள் ஒரு குழாயை நுழைத்து ஒட்சிசன் அளவையும் வெப்பநிலையையும் பார்த்தால் இது உடனே தெரியும். வெளிக்காற்றில் ஒட்சிசன் 21 வீதம். புகையில் 14 வீதம் இருந்தால் தேவையைப் போல் மூன்று மடங்கு காற்று உள்ளே போகிறது என்று பொருள். புகை 250 பாகையில் போனால், மரத்தின் வெப்பத்தில் கால்பங்கு புகைபோக்கி வழியாக மலைக்குப் போய்விடுகிறது. ஒட்சிசனை 9 வீதத்துக்கு இறக்கினால் இழப்பு 15 வீதம். அடுப்பின் பயன் 65இலிருந்து 75 வீதமாக உயரும். விறகில் 13 வீதம் மிச்சம்.

இதற்கு வேண்டியது காற்றுத் தடுப்பைச் சரிசெய்வது, கதவின் இடைவெளியை அடைப்பது, கட்டைகளைப் பிளந்து சிறிது சிறிதாக அடிக்கடி போடுவது. செலவு மூன்று இலட்சம் என்று வைப்போம். ஆண்டுக்கு 86 தொன் விறகு, 6.9 இலட்சம் ரூபாய் மிச்சம். ஐந்தாறு மாதத்தில் பணம் திரும்பும். கொட்டகைக்கு 20 இலட்சம். ஏழு வீத மிச்சம் 3.5 இலட்சம், திரும்ப ஆறு ஆண்டு ஆகும். இரண்டு வரிகளையும் பார்க்கும் எந்தத் தொரையும் அடுப்புக்குச் சரி என்பார், கொட்டகைக்கு வேண்டாம் என்பார். பிறகு அடுப்பில் ஒட்சிசன் 9 வீதத்துக்கு இறங்கவே இறங்காது. ஈர விறகுக்குக் காற்றைக் குறைத்தால் தீ மங்கிப் புகை கரியாகும், டிரையரின் சூடு தள்ளாடும். அடுப்புக்காரர் கதவை மறுபடி திறந்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. காய்ந்த விறகு இருந்தால்தான் குறைந்த காற்றில் எரிக்க முடியும். இரண்டையும் ஒரே வரியாக எழுத வேண்டும்: செலவு 23 இலட்சம், மிச்சம் 9.8 இலட்சம், 2.3 ஆண்டு. ஏழும் பதின்மூன்றும் சேர்ந்து இருபதாகாமல் பத்தொன்பதாவதையும் கவனிக்கலாம். முதலில் மிச்சமானது போக எஞ்சியதில்தான் இரண்டாவது மிச்சம் பிடிக்க முடியும். பத்துப் பரிந்துரைகளின் வீதங்களை அப்படியே கூட்டி ஐம்பது வீதம் காட்டும் அறிக்கைகளை இதனால்தான் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

அறிக்கைகளில் வராத ஒரு செலவும் உண்டு. மூன்று மாதம் காயவைத்து எரிப்பது என்றால் மூன்று மாத விறகு எப்போதும் கொட்டகையில் கிடக்க வேண்டும். நம் தொழிற்சாலைக்கு அது 162 தொன். 13 இலட்சம் ரூபாய் விறகாக அடுக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பணத்தின் வட்டியைக் கழித்தால் 2.3 ஆண்டு இன்னும் நீளும்.

மின்தேக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லா அறிக்கையிலும் அவை முதலிடத்தில் இருக்கும். 80 கிலோவாற்று எடுக்கும் தொழிற்சாலையின் வலுக்காரணி 0.78 என்றால் கேள்வி 103 கே.வி.ஏ. ஆகிறது, 0.95க்கு உயர்த்தினால் 84. உச்சக் கேள்விக்கான கட்டணம் குறையும், பணம் விரைவில் திரும்பும். ஆனால் அலகுகள் அநேகமாக அப்படியே இருக்கும். இது கட்டணச் சிக்கனம். சக்திச் சிக்கனத்தின் கூட்டலில் அதைச் சேர்க்கக் கூடாது.

திரும்பும் காலம் என்ற எண்ணே எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை இலங்கையின் அண்மை ஆண்டுகள் காட்டின. 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கியது. அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் ஏறியது. ஐந்து விசிறிகளுக்கான நம் கணக்கில் அலகு விலையைப் பாதியாக்கினால் 1.3 ஆண்டு 2.6 ஆகும், அப்போதும் செய்யத் தக்கதே. கடைசி மூன்று தொட்டிகளின் ஏழு ஆண்டு பதினான்காகும். அதற்குள் பெட்டியே பழுதாகிவிடும். ஒரு பரிந்துரையை ஏற்கலாமா என்று பார்க்க இதுவே எளிய சோதனை: விலையைப் பாதியாக்கிப் பாருங்கள், பிறகும் நிற்கிறதா என்று. விறகு டொலரோடும் மின் கட்டண ஆணையோடும் ஆடுவதில்லை. லொறி வாடகையோடு ஆடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

செய்வதென்று முடிவானால் வரிசையும் முக்கியம். முதலில் விறகுக்கு ஓர் அடிக்கோடு வேண்டும். பல தொழிற்சாலைகளின் புத்தகத்தில் இருப்பது வாங்கிய விறகு. எரித்த விறகு அல்ல. ஒரு மாதம் லொறி கூடுதலாக வந்தால் அந்த மாதம் தேயிலைக்கு விறகு அதிகம் எடுத்ததாகப் பதிவாகும். மாதக் கடைசியில் குவியலை அளந்து, முந்திய மாத இருப்போடு வந்ததைக் கூட்டி, எஞ்சிய இருப்பைக் கழித்து, ஈரத்தையும் குறித்து வைத்தால்தான் மின்சாரத்துக்குப் போட்ட கோட்டை விறகுக்கும் போட முடியும். இதற்குச் செலவு ஒரு தராசும் ஒரு புத்தகமும். அதன்பின் அடுப்பில் ஒட்சிசன் அளவு, பிறகு கொட்டகை. கொட்டகையைக் கட்டுவதென்றால் ஜனவரி தொடங்கி மார்ச் வரையான வெயில் மாதங்களுக்கு முன்பே கட்டிப் பிளந்த விறகால் நிரப்பிவிட வேண்டும். ஏப்ரலில் நிரப்பினால் ஜூன் மாத மூட்டத்தில் எரிக்கும்போது விறகு இன்னும் நாற்பது வீத ஈரத்தோடு இருக்கும். முதலாண்டுக் கணக்கில் மிச்சம் எதுவும் தெரியாது, கொட்டகைமேல் பழி வரும்.